இலாபம் பங்கிட்டாயிற்று, காசு எங்கே?

மருதமுனை தொடங்கி அக்கரைப்பற்று வரை நம் கரையோர ஊர்களில் வியாபாரத்துக்கான முதல் வங்கிகளிலிருந்து மட்டும் வருவதில்லை. வட்டியை விட்டு விலகியிருக்க விரும்பும் மக்களின் சேமிப்பும் அதில் சேர்கிறது. வெளிநாட்டில் உழைத்தது, காணி விற்றது, ஓய்வுபெறும்போது கிடைத்தது, மகளின் கலியாணத்துக்கென்று ஒதுக்கியது என்று பல வகைப் பணம் முழாரபா ஒப்பந்தத்தின் பேரில் கம்பனிகளிடம் போகிறது. மாதத்துக்கோ ஆண்டுக்கோ ஒரு தடவை இலாபப் பங்கு கைக்கு வருகிறது. வந்துகொண்டிருக்கும்வரை யாரும் எதையும் கேட்பதில்லை.

அந்தப் பங்கு எதிலிருந்து வருகிறது என்று இப்போதே கேட்க வேண்டும் என்பதற்காகவே இந்தத் தலையங்கம். இலாபத்தைச் சொல்வது இலாப நட்டக் கணக்கு. பங்கைக் கொடுப்பது வங்கிக் கணக்கு. இரண்டும் ஒரே வேகத்தில் நடப்பதில்லை. கணக்கில் இலாபம் ஏறிக்கொண்டே போகையில் காசு உள்ளே வராமல் நின்றால், கொடுக்கப்படும் பங்கு புதிதாகச் சேர்ந்தவரின் முதலிலிருந்து எடுக்கப்பட்டதாகவே இருக்கும். யாரும் ஏமாற்ற நினைக்காமலேகூட மூன்று, நான்கு ஆண்டுகள் இப்படி ஓடலாம். ஓட்டம் நிற்கும் நாளில்தான் ஏமாற்று என்ற பெயர் வருகிறது. தடயவியல் கணக்காளரையும் நாம் அப்போதுதான் அழைக்கிறோம். அவர் அந்த நாளில் வந்து செய்யும் முதல் வேலையை, பங்கு கையில் வந்துகொண்டிருக்கும்போதே செய்துவிடலாம்.

க.பொ.த. உயர்தரத்தில் வர்த்தகம் படித்த பிள்ளைகள் உள்ள வீடுகளில் அட்டுறு கணக்கீடு தெரிந்த விடயம்தான். பொருளைக் கடனுக்கு விற்ற அன்றே விற்பனை பதிவாகிவிடும், காசு வரும் நாள் வேறு. கிடங்கில் கிடக்கும் பொருள் செலவாகாது, விற்கும்வரை தொக்காக ஐந்தொகையில் நிற்கும். இயந்திரத்தின் தேய்மானம் காசு போகாமலே செலவாகும். இவையெல்லாம் நியாயமான விதிகள். இவை இல்லாமல் ஓராண்டின் உழைப்பை அளக்கவே முடியாது. ஆனால் இந்த விதிகளுக்குள் மதிப்பீடு நுழைகிறது. கடன் வருமா, தொக்கு விலைபோகுமா என்பதை முகாமையாளர் தீர்மானிக்கிறார். காசு அப்படியல்ல, வந்தது அல்லது வரவில்லை. இலாபத்திலிருந்து தொழிற்பாட்டுக் காசுப் பாய்ச்சலைக் கழித்தால் மிஞ்சுவது, இலாபத்தில் எவ்வளவு மதிப்பீட்டின்மேல் நிற்கிறது என்பதைக் காட்டும். ரிச்சர்ட் ஸ்லோன் என்ற கணக்கீட்டுப் பேராசிரியர் 1996 இல் பல ஆயிரம் கம்பனிக் கணக்குகளை வைத்துக் காட்டியதும் இதையே: இலாபத்தின் காசுப் பகுதி அடுத்த ஆண்டும் நிலைப்பதுபோல் அட்டுறுப் பகுதி நிலைப்பதில்லை.

ஒரு கற்பனைக் கம்பனியை எடுத்துக்கொள்வோம். அரிசியும் துணியும் மொத்தமாக வாங்கி விற்கிறது, மக்களின் முதலீட்டையும் பெறுகிறது, இலாபத்தில் பாதியை முதலீட்டாளருக்குக் கொடுக்கிறது. முதலாம் ஆண்டில் இலாபம் 120 இலட்சம், தொழிற்பாட்டுக் காசு 105 இலட்சம். இரண்டாம் ஆண்டில் இலாபம் 160, காசு 40. மூன்றாம் ஆண்டில் இலாபம் 210, காசு கழித்தல் 70. இங்கே இலாபமும் காசும் இரண்டுமே வரிக்குப் பின், முதலீட்டாளர் பங்குக்கு முன் எடுக்கப்பட்டவை. ஒன்றை ஒரு அடிப்படையிலும் மற்றதை வேறு அடிப்படையிலும் எடுத்தால் ஒப்பீடே பிழைத்துவிடும்.

இடைவெளி முதலாம் ஆண்டில் 15 இலட்சம், இரண்டாம் ஆண்டில் 120, மூன்றாம் ஆண்டில் 280. கம்பனி பெரிதாகும்போது இடைவெளியும் ஓரளவு பெரிதாகும் என்பதால் அதைச் சராசரி மொத்தச் சொத்தால் வகுக்க வேண்டும். அந்தச் சொத்து முறையே 1,000, 1,200, 1,600 இலட்சம் என்றால் விகிதம் 1.5 சதவீதத்திலிருந்து 10 ஆகி, பிறகு 17.5 ஆகிறது. இதற்கு மேல் போனால் மோசடி என்று எந்த எல்லைக்கோடும் கிடையாது. அதே கம்பனியின் முந்தைய ஆண்டுகளோடும், அதே வியாபாரம் செய்யும் அயற்கம்பனியோடும்தான் ஒப்பிட வேண்டும். ஆனால் மூன்று ஆண்டையும் கூட்டிப் பார்த்தால் ஒப்பீடுகூடத் தேவைப்படாது. மொத்த இலாபம் 490, மொத்தக் காசு 75, முதலீட்டாளருக்குக் கொடுத்தது 245. உழைத்த காசுக்கு மேலாகக் கொடுத்த 170 இலட்சம் எங்கிருந்து வந்தது? ஐந்தொகையின் மறுபக்கத்தில் அதே மூன்று ஆண்டுகளில் புதிய முதலீடு ஏறியிருந்தால் விடை அங்கே எழுதியிருக்கிறது.

மூன்றாம் ஆண்டு இலாபம் காசாகாமல் எங்கே சிக்கியது என்பது அடுத்த கேள்வி. காசுப் பாய்ச்சல் கூற்றே அதைச் சொல்லும். இலாபம் 210. காசு போகாத செலவான பெறுமானத்தேய்வு 20 ஐக் கூட்டினால் 230. வருமதிகள் 190 ஆல் கூடியதால் அது கழிகிறது. தொக்கு 135 ஆல் கூடியதால் அதுவும் கழிகிறது. நாம் கொடுக்க வேண்டிய சென்மதிகள் 25 ஆல் கூடின, அது சேர்கிறது. முடிவு கழித்தல் 70. ஆகவே பார்க்க வேண்டிய இடங்கள் இரண்டு: கடன் கொடுத்த பட்டியல், கிடங்கு.

கடனை எடுப்போம். விற்பனை 1,500 இலட்சத்திலிருந்து 1,950 ஆக 30 சதவீதம் கூடியது. வருமதி 250 இலிருந்து 440 ஆக 76 சதவீதம் கூடியது. முன்பு விற்ற பொருளின் காசு வர ஏறக்குறைய 61 நாள் பிடித்தது, இப்போது 82 நாள். விற்பனை கூடியதற்குக் காரணம் வாடிக்கையாளர் கூடியதா, அல்லது யாருக்கு வேண்டுமானாலும் கடன் கொடுத்ததா, அல்லது விற்பனையே நடக்கவில்லையா? மூன்றுக்கும் எண்கள் ஒன்றுபோலவே தெரியும். எண்கள் சந்தேகத்தை மட்டும்தான் தரும். தீர்ப்பைத் தருவது ஆவணங்கள்.

தடயவியல் கணக்காளர் அப்போது வருமதிப் பட்டியலை வாங்கி, ஒவ்வொரு கடனும் எத்தனை நாள் பழையது என்று வகுப்பார். மார்ச் கடைசி வாரத்து விற்பனைச் சிட்டைகளைத் தனியே எடுப்பார். ஒவ்வொரு சிட்டைக்கும் பொருள் ஏற்றிய லொறியின் பதிவு, கிடங்கிலிருந்து வெளியேறிய பதிவு, வாங்கியவரின் கையொப்பம் இருக்கின்றனவா என்று தேடுவார். பிறகு ஏப்ரல், மே, ஜூன் மாத வங்கிக் கூற்றுகளை வைத்து அந்தக் கடன்களில் எவை காசாகின என்று கோடிடுவார். நிதியாண்டு முடிந்த பின் வரும் அந்த மூன்று மாதங்கள்தான் இந்த வேலையின் உயிர். உண்மையான கடனுக்குக் காசு வந்துகொண்டிருக்கும். பொய்க் கடனுக்கு ஏப்ரலில் ‘பொருள் திரும்பியது’ என்று ஒரு செலவுக் குறிப்பு வரும்.

நமது கற்பனைக் கம்பனியில் அவர் மூன்று விடயங்களைக் காண்கிறார் என்று வைப்போம். மார்ச் 25 க்குப் பின் ஒரே ஒருவருக்கு 120 இலட்சத்துக்கு விற்றிருக்கிறார்கள். அவர் பணிப்பாளரின் மச்சான். லொறிப் பதிவு இல்லை, பொருள் கிடங்கைவிட்டு நகரவே இல்லை. அந்த விற்பனையை நீக்கினால், கொள்விலை 85 தொக்குக்குத் திரும்பி, இலாபத்தில் 35 குறையும். கிடங்கில் இரண்டு பெருநாள் கடந்தும் விலைபோகாத துணி 50 இலட்சத்துக்கு இன்னும் கொள்விலையிலேயே நிற்கிறது. அதில் பெறக்கூடியது எதுவுமில்லை என்றால் இன்னொரு 50 குறையும். ஆறு மாதம் தாண்டிய கடன்களுக்கு ஐயக்கடன் ஏற்பாடு 40 இலட்சம் போதாமல் இருக்கிறது. மூன்றையும் கழித்தால் 210 இலட்சம் இலாபம் 85 ஆகிறது. அந்த ஆண்டு முதலீட்டாளருக்குப் பங்கிட்டதோ 105. மூன்றில் ஒன்று மட்டுமே வேண்டுமென்று செய்த பொய் என்பதைக் கவனிக்க வேண்டும். மற்ற இரண்டும் கெட்ட செய்தியை ஒத்திப்போட்டது மட்டுமே. சேதத்தில் பெரும்பகுதி அந்த இரண்டாலும் வந்தது.

இந்த அளவுகோலைக் கையில் எடுத்துக்கொண்டு எல்லாரையும் கள்வர் என்று சொல்லக் கிளம்பக் கூடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். நம் மாவட்டத்தில் இடைவெளிக்கு நியாயமான காரணங்கள் இரண்டு உண்டு, கொழும்பில் இருந்து வரும் கணக்காளருக்கு இரண்டும் உடனே பிடிபடாமல் போகலாம். அம்பாறையின் பெரும்போக அறுவடை பெப்ரவரி, மார்ச்சில் நடக்கிறது. சம்மாந்துறையிலோ நிந்தவூரிலோ உள்ள ஆலைக்காரர் மார்ச் 31 இல் கையிலிருந்த காசையெல்லாம் நெல்லாக்கி வைத்திருப்பார். அன்றைய கணக்கில் தொக்கு மலைபோல் இருக்கும், காசு வறண்டிருக்கும். அது வியாபாரம். முந்தைய மார்ச்சோடு ஒப்பிட வேண்டும். நெல்லின் அளவு கூடியதா, விலை மட்டும் கூடியதா என்று கிலோவில் பார்க்க வேண்டும்.

இரண்டாவது காரணம் பெருநாள். நோன்புப் பெருநாள் ஆண்டுக்கு ஏறக்குறைய 11 நாள் முன்னால் நகர்கிறது, நிதியாண்டு முடிவோ மார்ச் 31 இலேயே நிற்கிறது. 2024 இல் பெருநாள் ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் வந்தது. அந்த மார்ச் 31 இல் கல்முனை, சாய்ந்தமருதுத் துணிக்கடைகளின் தட்டுகள் நிறைந்திருந்தன, கடைசிப் பத்து நாள் வியாபாரம் இன்னும் தொடங்கவில்லை. 2025 இல் பெருநாள் மார்ச் 31 அன்றே வந்தது. தொக்கு காசாகி முடிந்த நாளில் கணக்கும் முடிந்தது. ஆகவே 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையான ஒரே நிதியாண்டுக்குள் இரண்டு பெருநாள் விற்பனை விழுந்தது. அந்த ஆண்டில் எந்தத் துணிக்கடையின் காசுப் பாய்ச்சலும் அழகாகத்தான் இருக்கும். அதைக் காட்டி யாராவது புதிய முதலீடு கேட்டால், ஹிஜ்ரி ஆண்டு அடிப்படையில் ஒரு தடவை கணக்குப் போட்டுக் காட்டுங்கள் என்று கேட்பது மரியாதைக் குறைவல்ல.

சட்டப்படியே காசில்லாத இலாபம் உண்டு என்பதை நாடு ஏற்கெனவே கண்டிருக்கிறது. டச்வூட் இன்வெஸ்ட்மன்ட்ஸ் கொழும்புப் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட கம்பனி. மகோகனி, அகர் போன்ற மரங்களை வளர்த்து முதலீட்டாளருக்கு விற்றது. LKAS 41 என்ற கணக்கீட்டு நியமத்தின்படி உயிரியற் சொத்துகளின் மதிப்பு ஏறினால் அந்த ஏற்றம் இலாப நட்டக் கணக்குக்குப் போகும். மரத்தை வெட்டவில்லை, விற்கவில்லை, ஆனால் இலாபம் உண்டு. மரத்தின் எதிர்கால விலை, வளர்ச்சி, கழிவு வீதம் ஆகிய ஊகங்கள்மேல் அந்த இலாபம் நிற்கும். நியமம் பிழையல்ல, வெளிப்படையாகவே அது தனி வரியாகக் காட்டப்படும். அந்த வரியை நீக்கிவிட்டு, எஞ்சியதையும் காசுப் பாய்ச்சலையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் பழக்கம் வாங்கியவர்களிடம் இருக்கவில்லை. 2014 இல் கொழும்பு வணிக மேல் நீதிமன்றம் கம்பனியைக் கலைக்க உத்தரவிட்டது.

இதுவரை சொன்னது இலாபம் பொய் சொல்லும்போது காசு காட்டிக்கொடுக்கும் கதை. காசே பொய் சொன்னால்? இந்த முறையின் பலவீனம் இங்கேதான் இருக்கிறது. அதற்கு நன்கறியப்பட்ட சாட்சி ஐதராபாத்தின் சத்யம் கம்ப்யூட்டர்ஸ்.

2009 ஜனவரி 7 அன்று அதன் தலைவர் ராமலிங்க ராஜு எழுதிய ஒப்புதல் கடிதத்தில் எண்கள் தெளிவாக உள்ளன. 2008 செப்டெம்பரில் முடிந்த காலாண்டில் வருமானம் 2,700 கோடி இந்திய ரூபாய் என்று காட்டப்பட்டது, உண்மை 2,112 கோடி. தொழிற்பாட்டு இலாபம் 649 கோடி என்று காட்டப்பட்டது, உண்மை 61 கோடி. இரண்டிலும் வித்தியாசம் 588 கோடி. அந்த 588 கோடியை அவர்கள் கடனாளிகள் தலையில் வைத்திருந்தால் வருமதி ஊதி, யாராவது கண்டுபிடித்திருப்பார்கள். அவர்கள் அதைக் காசாக வந்ததாகவே எழுதினார்கள். போலிச் சிட்டை, அதற்குப் போலி வரவு, அதற்குப் போலி வங்கிக் கூற்று. இலாபமும் காசும் ஒன்றாகவே ஏறியதால் இடைவெளி பெரிதாகத் தோன்றவில்லை. அட்டுறு விகிதம் ஆரோக்கியமான கம்பனியின் விகிதம்போலவே இருந்தது. பொய்யின் பெரும்பகுதி வங்கி மீதியில் குவிந்தது. புத்தகத்தில் 5,361 கோடி, அதில் இல்லாதது 5,040 கோடி.

ஆனாலும் ஒரு நுனி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதே கடிதத்தில், இல்லாத ‘சேர்ந்த வட்டி’ 376 கோடி என்ற வரியும் உண்டு. இல்லாத வைப்புக்கு வட்டி வராது. வட்டி இல்லாத வைப்பை யாரும் நம்பவும் மாட்டார்கள். எனவே வட்டி சேர்ந்துவிட்டது, இன்னும் கைக்கு வரவில்லை என்று எழுத வேண்டியிருந்தது. காட்டப்பட்ட வைப்பில் ஏறக்குறைய 7 சதவீதம் அது. முதிர்வில் வட்டி தரும் வைப்புகளும் உண்டு என்பதால் அது மட்டும் சாட்சியாகாது. ஆனாலும் பெரும்பாலானவற்றைக் காசாக்கிக் காட்டிய கணக்கில் அட்டுறுவாகவே விடப்பட்ட ஒரு வரி, வங்கிக்கு நேரே ஒரு கடிதம் எழுதப் போதுமான காரணம். அந்தக் கடிதத்தைத்தான் ஒழுங்காக எழுதவில்லை. வங்கி மீதியை உறுதிப்படுத்தும் வேலையைக் கணக்காய்வாளர் தம் கைக்குள் வைத்திருக்கத் தவறினார் என்று அமெரிக்க மேற்பார்வை அமைப்புகள் 2011 இல் பிரைஸ் வோட்டர்ஹவுஸின் இந்திய நிறுவனங்கள்மேல் தண்டம் விதித்தன. ஓட்டை வங்கி மீதியில்தான் இருந்தது என்பதை ராஜுவின் கடைசி முயற்சியும் சொல்கிறது. 2008 டிசம்பரில் தன் குடும்பத்தின் மைத்தாஸ் கம்பனிகளைச் சத்யம் வாங்கும் என்று அறிவித்தார், பங்குதாரர் கொதித்ததும் கைவிட்டார். இல்லாத காசைக் கொடுத்து இருக்கும் சொத்தை வாங்கினால் ஓட்டை அடைபடும் என்பது கணக்கு.

நம் கரையில் காசைப் பொய்யாக்க இவ்வளவு திறமை வேண்டாம். இங்கே மொத்த வியாபாரம் பின்திகதியிட்ட காசோலையில் ஓடுகிறது. ஜூன் திகதியிட்ட காசோலையை மார்ச்சில் வாங்கி வைத்துக்கொண்டு, அதை ‘கையிலுள்ள காசோலை’ என்று காசோடு சேர்த்தால் வருமதி குறையும், தொழிற்பாட்டுக் காசு ஏறும், இடைவெளி மறையும். அது காசல்ல, இன்னொரு வடிவத்தில் இருக்கும் கடன்தான். மார்ச் 31 இல் கையிலிருந்த ஒவ்வொரு காசோலையின் திகதியையும் எழுதி, அது எந்த நாளில் மாறியது, எது திரும்பியது என்று அடுத்த மூன்று மாத வங்கிக் கூற்றில் தேடினால் அரை நாளில் தெரிந்துவிடும். ஒரே காசோலைக்குப் பதில் இன்னொரு காசோலை, அதற்குப் பதில் மற்றொன்று என்று திகதி தள்ளிப்போய்க்கொண்டிருந்தால் அந்த வருமதி இறந்துவிட்டது.

இதைவிட ஆபத்தான வழி ஒன்று இருக்கிறது, நம்மைப் பயமுறுத்துவது அதுதான். முதலீட்டாளரின் பணத்தை எந்த இடத்தில் எழுதுவது? வியாபாரக் கம்பனிக்கு அது நிதியிடல் நடவடிக்கை. அதை ‘வாடிக்கையாளர் முற்பணம்’ என்று எழுதிவிட்டால் அது தொழிற்பாட்டுக் காசாகிவிடும். அப்போது புதியவர் பணம் எவ்வளவு சேர்கிறதோ அவ்வளவு தொழிற்பாட்டுக் காசு அழகாக ஏறும். மேலே சொன்ன கற்பனைக் கம்பனி மூன்றாம் ஆண்டில் 300 இலட்சம் முதலீட்டை இப்படி எழுதியிருந்தால் கழித்தல் 70 என்பது கூட்டல் 230 ஆகியிருக்கும். இலாபத்தைவிடக் காசு கூடுதல் என்று அதையே விளம்பரமாகவும் போட்டிருப்பார்கள். சரிவுக்கு மிக நெருங்கிய கம்பனி மிக ஆரோக்கியமானதாகத் தெரியும். வைப்புப் பெறும் எந்த நிறுவனத்துக்கும் இந்த ஆபத்து உண்டு. நிதிக் கம்பனிகளில் வைப்பு தொழிற்பாட்டுப் பாய்ச்சலில் சேர்வதே வழமை என்பதால், அவற்றுக்கு இந்த இடைவெளி அளவுகோல் பயன்படாது. உரிமம் இல்லாமல் வைப்புப் பெற்ற கோல்டன் கீ கிரெடிட் கார்ட் கம்பனி 2008 இறுதியில் விழுவதற்கு முன் அதற்குள்ளும் வைப்புக் காசு வந்துகொண்டுதான் இருந்தது.

ஆகவே முற்பணம் என்று ஒரு பெரிய தொகையைக் கண்டால், எந்தப் பொருளுக்கு முற்பணம், எப்போது ஒப்படைக்கப்படும் என்று கேட்க வேண்டும். பொருளே இல்லாத முற்பணத்தை நிதியிடல் பக்கத்துக்கு நகர்த்திவிட்டு மீண்டும் கணக்குப் போட வேண்டும். தடயவியல் அறிக்கையில் இது ஒரு வரிதான். அந்த ஒரு வரி முழுப் படத்தையும் தலைகீழாக்கும்.

சட்டம் இதற்குள் எட்டிப் பார்க்கிறதா என்றால், பாதிதான். 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டம், பங்கிலாபம் கொடுக்குமுன் கம்பனி தன் கடன்களைத் தவணையில் கொடுக்கக்கூடிய நிலையில் இருக்குமா என்று பணிப்பாளர் சபை உறுதிப்படுத்தவும், கணக்காய்வாளரிடம் அதற்கான சான்று பெறவும் சொல்கிறது. அது பங்குதாரருக்குப் பகிர்வதற்கானது. முழாரபா ஒப்பந்தத்தின்படி வெளியாருக்குக் கொடுக்கும் இலாபப் பங்கு ஒப்பந்தக் கொடுப்பனவாகவே போகிறது. 2011 ஆம் ஆண்டின் 42 ஆம் இலக்க நிதித் தொழில் சட்டம் உரிமமின்றி வைப்புப் பெறுவதைத் தடுக்கிறது. ஒரு கம்பனி பெறுவது வைப்பா முதலீடா என்ற வழக்கு நீதிமன்றத்தில் முடிவதற்குள் காசு முடிந்துவிடும்.

மார்க்கச் சட்டம் இந்த விடயத்தில் கம்பனிச் சட்டத்தைவிடக் கறாராக நிற்கிறது. முழாரபாவில் முதல் மீண்டு கைக்கு வந்த பிறகே இலாபம் உறுதியாகும், அதற்கு முன் கொடுப்பது முற்கொடுப்பனவு மட்டுமே, பின்னால் நட்டம் வந்தால் அது ஈடுசெய்யப்பட வேண்டும் என்பது சட்ட அறிஞர்களின் பொதுவான நிலைப்பாடு. பொருள் எல்லாம் விற்று முடியும்வரை காத்திருக்க முடியாத நவீன வியாபாரத்துக்காக, சொத்துகளை இன்றைய காசுப் பெறுமதியில் மதிப்பிட்டு இலாபம் பிரிக்கவும் இடம் தரப்பட்டிருக்கிறது. பஹ்ரைனில் இயங்கும் இஸ்லாமிய நிதி நியம அமைப்பின் 13 ஆம் இலக்க முழாரபா நியமமும் அப்படியே செல்கிறது. ஆனால் அப்படி மதிப்பிடும்போது வராத கடன்களைக் கழிக்க வேண்டும். வருமதியை முழுத் தொகைக்கும், விலைபோகாத துணியைக் கொள்விலைக்கும் வைத்துக்கொண்டு பிரித்த இலாபத்துக்கு அந்த இடம் பொருந்தாது. ஸக்காத் கணக்குப் போடும்போது மட்டும் இந்தக் கடன் வராது என்று கழித்துவிட்டு, இலாபம் காட்டும்போது அதே கடனை முழுதாகச் சேர்க்கும் கணக்குப் புத்தகங்களை என்னவென்று சொல்வது?

ஷரீஆ ஆலோசகர் என்ற பெயரை விளம்பரத்தில் போட அனுமதிக்கும் ஆலிம்கள் ஒப்பந்தத்தின் வாசகத்தைப் பார்த்துக் கையொப்பமிடுவதோடு நின்றுவிடக் கூடாது. ஒவ்வோர் இலாபப் பங்கீட்டுக்கு முன்னும் காசுப் பாய்ச்சல் கூற்றைக் கேட்க வேண்டும். அதை வாசிக்கத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் கணக்கீடும் கற்பிக்கிறார்கள், இஸ்லாமியக் கற்கைகளும் கற்பிக்கிறார்கள். இரண்டு பக்கத்து மாணவரும் சேர்ந்து ஒரு நெல் ஆலையின் ஐந்து ஆண்டுக் கணக்கை, ஆலைக்காரரின் சம்மதத்தோடு, பெயர் மறைத்து இப்படி அலசிப் பார்க்கும் ஒப்படை ஒன்று இருந்தால், கொழும்புப் பங்குச் சந்தைக் கம்பனிகளை வைத்துச் செய்யும் பயிற்சியைவிட இந்த மாவட்டத்துக்கு அது பயன்படும். பள்ளிவாசல் நிர்வாகங்களுக்கும் ஒரு வார்த்தை: தகவலறியாமல் எந்தக் கம்பனியின் முதலீட்டு அழைப்பையும் ஜும்ஆவுக்குப் பின் அறிவிக்க இடம் கொடுக்காதீர்கள். உங்கள் ஒலிபெருக்கியில் வந்தது என்பதையே மக்கள் கணக்காய்வுச் சான்றாக எடுத்துக்கொள்கிறார்கள்.

முதலீட்டாளரிடம் சொல்ல வேண்டியது நடைமுறை விடயம். அடுத்த தடவை ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது மூன்று வாசகங்களைச் சேர்க்கச் சொல்லுங்கள். இலாபப் பங்கோடு மூன்று ஆண்டுக் காசுப் பாய்ச்சல் கூற்றும் தரப்பட வேண்டும், அதில் முதலீட்டாளர் பணம் நிதியிடல் பக்கத்தில் தனி வரியாக இருக்க வேண்டும். மார்ச் 31 இல் இருந்த வருமதிகளிலும் காசோலைகளிலும் ஜூன் 30 க்குள் எவ்வளவு வங்கிக்கு வந்தது என்பதைக் கணக்காய்வாளர் எழுதித் தர வேண்டும், வங்கி மீதியை அவர் வங்கியிடம் நேரே கேட்டிருக்க வேண்டும். பணிப்பாளரின் உறவினருக்கு விற்றவை வேறாகப் பட்டியலிடப்பட வேண்டும். ஒழுங்காக நடக்கும் கம்பனிக்கு இதில் புதிதாகச் செலவு எதுவும் பெரிதாக வராது, இந்தத் தாள்கள் ஏற்கெனவே அதன் அலுவலகத்தில் இருக்கும். மறுக்கும் கம்பனியிடம், ஜூலையில் கிடைக்கவிருக்கும் பங்கைப் பற்றிக் கேட்பதை விட்டுவிட்டு, முதலைத் திருப்பிப் பெறும் தவணையைப் பற்றிப் பேசத் தொடங்குங்கள்.